பூர்வீக வீட்டுக் கூரைக்குப் பணம் யார் கட்டுவது?

கேள்வி: ஐயா, பண்டாரவளையில் எங்கள் தாத்தா கட்டிய வீடு 14 பேர்ச்சஸ் காணியில் இருக்கிறது. தாத்தா இந்தியாவில் இருந்து வந்து கடை வைத்து முன்னுக்கு வந்தவர். உறுதி இன்னும் அவர் பெயரில்தான் கிடக்கிறது. தாத்தா, பாட்டி, பெரியப்பா, என் அப்பா, அம்மா, அத்தை, மாமா யாரும் இப்போது இல்லை. யாரும் உயில் எழுதவில்லை. பெரியம்மா மட்டும் இருக்கிறார். பெரியப்பாவுக்கு மூன்று பிள்ளைகள், எங்கள் வீட்டில் நானும் கனடாவில் இருக்கும் தங்கச்சியும், அத்தைக்கு ஒரே மகன். பெரியப்பாவின் மூத்த மகன்தான் பெரியம்மாவோடு அந்த வீட்டில் இருக்கிறார். மழையில் ஒழுகிய கூரையை அண்ணன் மாற்றிவிட்டார். குளியலறையையும் டைல்ஸ் போட்டுப் புதிதாகக் கட்டி, கேட்டையும் மாற்றினார். பின்பக்க அணைச்சுவர் வயிறு தள்ளி நிற்கிறது, அதையும் கட்டவேண்டும். கூரை 540,000 ரூபா, சுவருக்கு பாஸ் சொன்ன கணக்கு 360,000, குளியலறை 270,000, கேட்டும் பெயின்ட்டும் 90,000. ஆளுக்கு 210,000 என்று ஆறு பேரிடமும் கேட்கிறார். “இருக்கிறவர் கட்டட்டும், நான் ஏன் கட்டவேண்டும்?” என்கிறார் அத்தை மகன் மச்சான். “அப்படியென்றால் வீட்டை என் பெயருக்கு மாற்றிக்கொள்கிறேன்” என்கிறார் அண்ணன். முன்பக்கக் கடையறையை அண்ணன் மாதம் 15,000 ரூபாவுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார், சோலைவரியையும் அவரே கட்டுகிறார். யார் எவ்வளவு கட்டுவது நியாயம்?

பதில்: அண்ணன் கேட்பதில் பாதி சரி. மச்சான் சொல்வது பெரும்பாலும் பிழை. ஆனால் இந்தச் சண்டையைத் தீர்க்கக்கூடிய விஷயத்தை நீங்கள் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது கடையறை வாடகை. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் வீட்டில் யாருக்கு எவ்வளவு என்று பார்ப்போம். அது தெரியாமல் செலவைப் பிரிக்க முடியாது.

ஆறு பிள்ளைகள், அதனால் ஆறு பங்கு என்று அண்ணன் நினைக்கிறார். பங்கு அப்படி வராது. தாத்தாவின் சொத்து அவருடைய மூன்று பிள்ளைகளுக்குப் போய், அங்கிருந்துதான் கீழே இறங்குகிறது. உங்கள் தாத்தாவைப் போல இந்தியாவில் இருந்து வந்து மலையகத்தில் குடியிருந்தவர்களின் சொத்துக்கு யாழ்ப்பாணத்துத் தேசவழமை பொருந்தாது, கண்டியச் சட்டமும் பொருந்தாது. 1876-ஆம் ஆண்டின் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம்தான் பொருந்தும். அதன்படி உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால், உயிரோடு இருக்கும் கணவருக்கோ மனைவிக்கோ பாதி. மீதிப் பாதி ஆண், பெண் வித்தியாசமில்லாமல் பிள்ளைகளுக்குச் சமமாக.

தாத்தா, பாட்டி இருவர் பங்கும் கடைசியில் மூன்று பிள்ளைகளிடம்தான் வந்து சேர்ந்தது. ஆகவே பெரியப்பாவுக்கு மூன்றில் ஒன்று, அப்பாவுக்கு மூன்றில் ஒன்று, அத்தைக்கு மூன்றில் ஒன்று. கணக்கு லேசாக இருக்க முழு வீட்டையும் 18 பங்காக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கிளைக்கும் 6.

பெரியப்பாவின் 6-இல் பாதி, அதாவது 3, பெரியம்மாவுக்கு. மீதி 3, மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 1. உங்கள் அப்பாவின் 6, அம்மாவும் இல்லாததால் உங்களுக்கு 3, தங்கச்சிக்கு 3. அத்தையின் 6-உம் மச்சான் ஒருவருக்கே.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். “எனக்கு என்ன?” என்று கேட்கும் மச்சான்தான் அந்த வீட்டின் பெரிய பங்காளி. வீட்டில் குடியிருந்து கூரை போட்ட அண்ணனுக்கு அவர் பெயரில் இருப்பது 18-இல் 1 மட்டும். அதைவிட மூன்று மடங்கு பெரியம்மாவுக்கு இருக்கிறது. நீங்கள் யாரும் பெரியம்மாவை ஒரு பங்காளியாக எண்ணவே இல்லை. ஆறு பேர் என்று கணக்கெடுத்த அண்ணனும் தன் தாயை விட்டுவிட்டார். இனி நடக்கும் பேச்சில் அவரையும் உட்காரவைத்துப் பேசுங்கள். எந்தத் தாளில் கையெழுத்து வாங்கினாலும் அவருடையதும் வேண்டும்.

இந்தக் கணக்கு இரண்டு நிபந்தனைகளில் நிற்கிறது. தாத்தா, பாட்டிக்குப் பிறகுதான் பெரியப்பா இறந்தார் என்று வைத்துக்கொண்டேன். அவர்களில் ஒருவருக்கு முன்பே அவர் போயிருந்தால் பெரியம்மாவின் பங்கு குறைந்து, அது அவருடைய பிள்ளைகளுக்குக் கூடும். மாமாவுக்கோ வேறு யாருக்கோ இரண்டாம் தாரம், அந்த வழியில் பிள்ளைகள் என்று இருந்தாலும் எண்கள் மாறும். மரண அத்தாட்சிப் பத்திரங்களையும் பிறப்பு, விவாகப் பத்திரங்களையும் ஒன்றாகச் சேர்த்து, யார் எந்த வருடம் இறந்தார் என்று ஒரு தாளில் மரம் போல வரைந்து வையுங்கள். எந்தச் சட்டத்தரணியிடம் போனாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

சரி, செலவுக்கு வருவோம். அண்ணன் நான்கு வேலைகளையும் கூட்டி 1,260,000 என்று ஒரே தொகையாகக் கேட்டதுதான் மச்சானைச் சினப்படுத்தியிருக்கும். சட்டம் அவற்றை ஒரே தட்டில் வைப்பதில்லை. கூட்டுச் சொத்தில் ஒரு பங்காளி செய்யும் செலவை ரோமன் டச்சுச் சட்டம் மூன்று விதமாகப் பார்க்கிறது. செய்யாவிட்டால் சொத்தே கெட்டுப்போகும் என்ற அவசியச் செலவு, சொத்தின் பெறுமதியைக் கூட்டும் பயனுள்ள செலவு, ஆசைக்குச் செய்த செலவு.

கூரை அவசியச் செலவு. தகரம் துருப்பிடித்து, ரீப்பையும் வளையும் உக்கி, சுவருக்குள் தண்ணீர் இறங்கத் தொடங்கினால் நாலைந்து மழைக்காலத்தில் வீடு வீடாக இருக்காது. அவசியச் செலவைச் செய்த பங்காளி மற்றவர்களிடம் அவரவர் பங்குக்கு ஏற்ற தொகையைக் கேட்கலாம். முன்கூட்டி எல்லோரிடமும் சம்மதம் வாங்கவில்லை என்பது அதை இல்லாமல் ஆக்காது. “நான் அங்கே இல்லை” என்ற மச்சானின் வாதம் இங்கேதான் விழுகிறது. அந்தக் கூரை காப்பாற்றுவது அண்ணனை மட்டும் அல்ல, மச்சானின் 6 பங்கையும்தான். ஆனால் அவர் பில்லைக் கேட்பதற்கு முழு உரிமை உண்டு. பழைய தகரம் நன்றாக இருந்த இடத்திலும் புதிதாகப் போட்டார்களா, சாதாரணத் தகரம் போதுமான இடத்தில் விலை கூடியது போட்டார்களா என்றும் கேட்கலாம். அண்ணன் ஹாட்வெயார் பில், பாஸுக்குக் கொடுத்த கூலி, பழைய கூரையின் படம் எல்லாவற்றையும் கொடுக்கவேண்டும். படம் எடுக்காமல் கூரையைக் கழற்றியிருந்தால், வேலை செய்த பாஸிடம் எத்தனை தகரம், எத்தனை ரீப்பை மாற்றினார் என்று எழுதி வாங்கலாம்.

அணைச்சுவரும் அவசியம்தான், கூரையைவிட அவசரம். மலைச்சரிவில் ஒரு சுவர் வயிறு தள்ளுகிறது என்றால், பின்னால் மண்ணுக்குள் தேங்கிய தண்ணீர் அதைத் தள்ளுகிறது என்று அர்த்தம். சுவரின் கீழ்ப்பகுதியில் தண்ணீர் வடியத் துளைகள் இருக்கின்றனவா, மண் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். மேலே கான் வெட்டி மழைத்தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பாமல், பின்னால் சல்லி நிரப்பாமல், துளை விடாமல் அதே சுவரைத் திரும்பக் கட்டினால் 360,000 ரூபாவும் மண்ணுக்குள் போகும். இப்போதே வெடிப்பின் இரண்டு பக்கமும் பென்சிலால் கோடு போட்டு, இடைவெளியை அளந்து, திகதியோடு படம் எடுங்கள். இரண்டு வாரம் கழித்துத் திரும்ப அளந்து பாருங்கள். கூடியிருந்தால் அந்தப் பக்க அறையில் யாரும் படுக்கக்கூடாது. பாஸின் வாய்க்கணக்கு மட்டும் இதற்குப் போதாது. மாநகர சபையில் கேளுங்கள். பதுளை போன்ற மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டட அனுமதிக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையைக் கேட்பார்கள். சுவர் கீழ்க் காணியில் விழுந்து சேதம் வந்தால், அந்தக் காணிக்காரர் அண்ணனிடம் மட்டும் வரமாட்டார். கனடாவில் இருக்கும் தங்கச்சி உட்பட எல்லாப் பங்காளிகளையும் தேடி வரலாம். இதை மச்சானிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

குளியலறை வேறு கதை. பழையது பாவிக்கக்கூடிய நிலையில் இருந்திருந்தால் இது பயனுள்ள செலவு மட்டும்தான். அதற்கு இப்போது மற்றவர்களிடம் பணம் கேட்க அண்ணனுக்கு வழியில்லை. நாளைக்கு வீடு பிரிபடும்போதோ விற்கப்படும்போதோ, அந்தக் குளியலறையால் கூடிய பெறுமதியை அவர் கோரலாம். செலவழித்த 270,000 ரூபா முழுவதும் அல்ல, அன்றைக்கு அதனால் எவ்வளவு கூடியிருக்கிறதோ அவ்வளவுதான். பழைய குழாய் வெடித்துச் சுவருக்குள் தண்ணீர் ஊறியதால் உடைத்திருந்தால், அந்தக் குழாய் வேலையை மட்டும் பிரித்து அவசியச் செலவில் சேர்க்கலாம். டைல்ஸைச் சேர்க்க முடியாது. கேட், பெயின்ட் இரண்டும் அண்ணனுடைய செலவு. தினமும் அந்த வீட்டை அனுபவிப்பவர் செய்யும் சில்லறைப் பராமரிப்பையும் அதே மாதிரி அவர்தான் ஏற்கவேண்டும்.

ஆக, எல்லோரும் சேர்ந்து தாங்கவேண்டியது கூரையும் சுவரும், 900,000 ரூபா. ஒரு பங்குக்கு 50,000. உங்களுக்கு 150,000, தங்கச்சிக்கு 150,000, பெரியம்மாவுக்கு 150,000, பெரியப்பாவின் மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 50,000. மச்சானுக்கு 300,000. அதாவது அண்ணன் கேட்ட 210,000 உங்களுக்கு அதிகம், மச்சானுக்குக் குறைவு. இதைக் கேட்டதும் மச்சான் இன்னும் எகிறுவார் என்று பயப்படுகிறீர்கள், இல்லையா? அதனால்தான் வாடகையையும் இதே தாளில் எழுதவேண்டும் என்கிறேன்.

கடையறை கூட்டுச் சொத்தின் ஒரு பகுதி. வெளியாளிடம் வாங்கும் வாடகை எல்லாப் பங்காளிகளுக்கும் சேர்ந்த வருமானம். ஒருவர் வாங்கி வைத்திருந்தால் மற்றவர்களுக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். அண்ணன் தான் குடியிருப்பதற்கு வாடகை தரவேண்டும் என்று மச்சான் கேட்டால் அதை நான் ஆதரிக்கமாட்டேன். பங்காளி தன் சொத்தில் குடியிருக்கிறார், மற்றவர்களை வரவேண்டாம் என்று தடுக்கவில்லை, வயதான தாயையும் பார்த்துக்கொள்கிறார். ஆனால் கடையறை வாடகை அப்படி அல்ல.

கடந்த மூன்று வருடத்தை மட்டும் எடுப்போம். அதற்கு முந்தியதைக் கிளறினால் வழக்கில் காலத்தடை குறுக்கே வரும், வீட்டில் பழைய பகைதான் வளரும். மாதம் 15,000 என்றால் மூன்று வருடத்துக்கு 540,000. அதில் அண்ணன் கட்டிய சோலைவரியும், கடையறைக்குச் செய்த சின்னச் சின்னத் திருத்தங்களும் கழியவேண்டும். ஒரு பேச்சுக்கு 90,000 என்று வைப்போம். உண்மைத் தொகையை அவர் ரசீதோடு சொல்லட்டும். மீதி 450,000. ஒரு பங்குக்கு 25,000.

இப்போது இரண்டையும் கழித்துப் பாருங்கள். கூரைக்கும் சுவருக்கும் பங்குக்கு 50,000 வேண்டும், வாடகையில் 25,000 ஏற்கெனவே அண்ணன் கையில் இருக்கிறது. மீதி பங்குக்கு 25,000 மட்டும். நீங்கள் 75,000, தங்கச்சி 75,000, பெரியப்பா குடும்பம் எல்லோருமாக 150,000, மச்சான் 150,000. மச்சான் தருவது அண்ணன் முதலில் கேட்டதைவிடக் குறைவு. அண்ணனும் தன் கையில் இருந்து போட்ட பணத்தை நியாயமான அளவில் திரும்பப் பெறுகிறார். மச்சானால் ஒரே தடவையில் கொடுக்க முடியாவிட்டால், இனி வரும் வாடகையில் அவருடைய மாதாந்தப் பங்கு 5,000 ரூபாவை அந்தக் கடனுக்குக் கழிக்கலாம். 30 மாதத்தில் தீரும். இதற்கு அவர் பையில் கைவைக்கவே தேவையில்லை.

அந்த வாடகை பெரியம்மாவின் மருந்துக்குத்தான் போனது என்று அண்ணன் சொல்லக்கூடும். அது உண்மையாகவும் இருக்கலாம். அப்படியென்றால் பழைய வாடகையை எல்லோரும் மனம் ஒப்பி விட்டுவிட்டு, இந்த மாதத்தில் இருந்து கணக்கு வைக்கலாம். அப்போது உங்கள் பங்கு 150,000-ஆக நிற்கும். நானாக இருந்தால் நீங்களும் தங்கச்சியும் விட்டுக்கொடுங்கள் என்பேன். மச்சான் விட்டுக்கொடுக்கவேண்டும் என்று யாரும் அவரைக் கட்டாயப்படுத்தக்கூடாது. எப்படிக் கேட்பது என்பதும் முக்கியம். “வாடகையைத் தின்றுவிட்டார்” என்று குடும்ப வாட்ஸ்அப்பில் எழுதினால் எல்லாம் முடிந்தது. “அண்ணே, கூரைக் கணக்கோடு கடையறைக் கணக்கையும் போட்டுவிட்டால் மச்சானிடம் பேச லேசாக இருக்கும்” என்று நேரில் சொல்லுங்கள்.

வீட்டைத் தன் பெயருக்கு மாற்றுவேன் என்று அண்ணன் சொன்னதற்கு அதிகம் பயப்பட வேண்டாம், ஆனால் அசட்டையாகவும் விடவேண்டாம். திருத்தச் செலவு செய்ததால் ஒருவருடைய பங்கு கூடாது. செலவு தராததால் ஒருவருடைய பங்கு போகாது. அது கடன் மட்டும்தான். 10 வருட ஆட்சி என்று ஊரில் சொல்வார்கள். வெளியாள் ஒருவருக்கு அது பொருந்தலாம். ஒரு பங்காளியின் ஆட்சி எல்லாப் பங்காளிகளுக்காகவும் உள்ள ஆட்சி என்று கொரியா எதிர் இசெரிஸ் அப்புஹாமி வழக்கில் கோமறைக் கழகம் சொல்லி நூறு வருடம் தாண்டிவிட்டது. மற்றவர்களின் உரிமையை வெளிப்படையாக மறுத்து, அவர்களை விலக்கிவைத்த பிறகுதான் அந்தப் 10 வருடம் ஓடத் தொடங்கும். சோலைவரி ரசீது அவர் பெயரில் இருப்பதும் உரிமை ஆகாது.

ஆனால் நீங்கள் யாரும் எட்டியும் பார்க்காமல் பல வருடம் விட்டால், விலக்கிவைத்தது நடந்துவிட்டது என்று நீதிமன்றம் ஊகிக்கச் சந்தர்ப்பம் உண்டு. அவர் கோபத்தில் ஒரு பிரகடன உறுதி எழுதிப் பதிந்தாலும் தலைவலிதான். காணிப் பதிவகத்தில் அந்தக் காணியின் பதிவேட்டுப் பிரதியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நீங்கள் கொடுக்கும் பணத்துக்கும் அண்ணனிடம் ரசீது வாங்குங்கள். “தாத்தாவின் பெயரில் உள்ள காணியின் கூட்டு உரிமையாளர் என்ற வகையில், கூரைத் திருத்தத்துக்கான தன் பங்கு” என்று அதில் இருக்கட்டும். அந்த ஒரு வரி, உங்கள் உரிமையை அண்ணன் ஏற்றுக்கொண்டதற்கு அவருடைய கையெழுத்தோடு உள்ள ஆதாரம்.

ஒப்பந்தத்தை ஒரு தாளில் எழுதிக்கொள்ளலாம். மேலே சொன்ன பங்குகள், கூரைக்குச் செலவானது, சுவருக்கு மதிப்பிட்டது, வாடகைக் கழிவு, யார் எவ்வளவு எப்போது தருவது, சுவர் செலவு கூடினாலும் குறைந்தாலும் அதே விகிதத்தில் பங்கிடுவது, குளியலறை அண்ணனின் சொந்தப் பணத்தில் கட்டப்பட்டது. கடைசி வரியை அண்ணனுக்காகவே சேருங்கள், பின்னாளில் இழப்பீடு கோர அதுதான் அவருக்கு உதவும். பங்காளிகள் ஏழு பேரும் கையெழுத்து வைக்கவேண்டும். தங்கச்சிக்காக நீங்கள் கையெழுத்து வைப்பதென்றால் அவர் அங்குள்ள இலங்கை உயர்ஸ்தானிகராலயத்தின் ஊடாக அற்றோணித் தத்துவம் அனுப்பவேண்டும். பணத்தைப் பற்றிய இந்த ஏற்பாட்டுக்கு நொத்தாரிசு தேவையில்லை. ஆனால் “நான் பணம் தரவில்லை, என் பங்கை எடுத்துக்கொள்” என்று மச்சான் சொன்னால், அந்தத் தாளில் எழுதுவது செல்லாது. 1840-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணி உரிமையைக் கைமாற்ற நொத்தாரிசின் முன், இரண்டு சாட்சிகளோடு உறுதி எழுதவேண்டும். எழுத்தில் இருந்தால் அண்ணனுக்கு இன்னொரு லாபமும் உண்டு. எழுத்தில்லாத கடனுக்கு வழக்குப் போட மூன்று வருடம்தான், எழுதியதற்கு ஆறு வருடம்.

மச்சான் இதற்கும் மசியவில்லை என்றால் உங்கள் பகுதி மத்தியஸ்த சபைக்குப் போங்கள். அங்கே உங்களுக்காகச் சட்டத்தரணி பேச முடியாது, நீங்களே உட்கார்ந்து பேசவேண்டும். இப்படியான குடும்பக் கணக்குக்கு அது நல்லது. தீர்வு வந்தால் எழுதிக் கையெழுத்து வாங்கித் தருவார்கள்.

யாராவது கோபத்தில் 1977-ஆம் ஆண்டின் 21-ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாகப்பிரிவினை வழக்குப் போடுவேன் என்று சொன்னால், இந்த 14 பேர்ச்சஸைக் கையில் வைத்துக் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். நகரப் பகுதிகளில் பொதுவாக 6 பேர்ச்சுக்குக் குறைந்த துண்டை அனுமதிப்பதில்லை. பெரிய பங்காளியான மச்சானுக்கே 5 பேர்ச் வராது, அண்ணனுக்கு ஒரு பேர்ச்கூட இல்லை. பிரிக்க முடியாத காணியை நீதிமன்றம் விற்கச் சொல்லும். அதற்குள் நில அளவையாளர், சட்டத்தரணி என்று வருடக்கணக்கில் ஏழு பேரும் செலவழித்திருப்பீர்கள். அணைச்சுவர் அத்தனை மழைக்காலம் தாங்காது. ஐப்பசி மழைக்கு முன் அதை முடிக்கவேண்டும் என்பதால், மற்றக் கணக்கெல்லாம் பேசி முடியும்வரை காத்திருக்காமல், சுவருக்கு மட்டும் பங்குக்கு 20,000 ரூபா வீதம் முதலில் சேர்த்துவிடுங்கள். உங்களுக்கு அது 60,000, மச்சானுக்கு 120,000.